காமனை எரிக்கப் போறோம்

பதுளைப் பக்கம் ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ரதி என்றால் முருகையாதான். மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டினால் லயத்து வீட்டுப் பெண்களே பொறாமைப்படுவார்கள். மாசி மாதக் காமன் கூத்தில் சிவன் காமனை எரித்ததும், புருஷனைப் பறிகொடுத்த ரதி வைக்கும் ஒப்பாரிக்கு அழாதவர் கிடையாது.

போன ஐப்பசியில் அவன் மனைவி விஜயலெட்சுமி காய்ச்சலில் போய்விட்டாள். அதிலிருந்து மகள் ஜீவராணி அவனைத் தனியாக விடுவதில்லை. பழைய ஒப்பாரியை எடுத்தால் முதல் வரிக்கு மேல் பாட வரவில்லை. ரதியை விட்டுவிடவும் மனசு வரவில்லை. கூத்தென்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் விஜயலெட்சுமி. அவளையும் வைத்துப் புதிதாக ஒரு பாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

மகளின் போனில் சாட்பொட்டைத் திறந்து தட்டினான்: "வெள்ளிக்கிழமை காமனை எரிக்கப் போறோம். எரிச்சதும் நானும் கூடவே போறேன்னு கதறணும். பாட்டு எழுதிக் கொடு."

ஒருவரைக் கொளுத்த உதவ முடியாது என்றது அது. சாகும் எண்ணம் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் உடனே பேசுங்கள் என்றும் சொன்னது.

முருகையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு கோழிகூட அறுத்தறியாதவனைக் கொலைகாரன் என்றால் எப்படி இருக்கும்?

டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஸனூஸிடம் காட்டினான். அவன் சிரித்தான். "சினிமா டைரக்டர்னு போடுங்கண்ணே, எழுதித் தந்துரும்."

போட்டான். தந்தது. கடற்கரையில் கார் எரிய, கதாநாயகி மழையில் நனைந்து அழும் பாட்டு. பதுளையில் கடலுக்கு எங்கே போவது?

வீட்டில் ஜீவராணி போனை வாங்கி எல்லாவற்றையும் பார்த்தாள். "அதுக்கு உங்களையும் தெரியாது, தோட்டத்தையும் தெரியாதுப்பா. நீங்க எழுதுறத வச்சுதான் புரிஞ்சுக்கும். எல்ல ஊரு மலையப் பாக்க வந்த வெளிநாட்டுக்காரன் காமன் யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? அதையே எழுதுங்க. பொய் வேணாம்."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான்.

"காமன் சாமி. எரிக்கிறது வைக்கோல். வருஷா வருஷம் நடக்கிற கூத்து. நான் ரதி வேஷம் கட்டுற ஆம்பள. என் பொண்டாட்டி செத்துட்டா, அவளையும் நெனச்சு பாடணும். கூடவே போறேன்னு சொல்றது ரதி, நான் இல்ல. நான் சாகப் போறதில்ல. எனக்கு மக இருக்கா."

தவறாகப் புரிந்துகொண்டதாக அது மன்னிப்புக் கேட்டது. கூத்து என்று இப்போது விளங்கியது, மனைவியின் இழப்புக்கு வருந்துகிறேன் என்றது. ஒப்பாரியின் முதல் நான்கு வரிகளை எழுதிவிட்டு, உங்கள் மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுவார், அதையும் பாட்டில் சேர்க்கலாமா என்று கேட்டது.

"இங்காருங்கன்னு," என்று வாய்விட்டே சொன்னான் முருகையா. பதில் எழுத மகளிடம் போனை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. பாட்டைப் படிக்கவுமில்லை. அவன் எழுதியதன் கடைசி இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாத்தானேப்பா?" என்றாள்.

நான்கு மாதமாக இதைக் கேட்கத்தான் பிள்ளை பின்னாலேயே சுற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நெசந்தான் தாயி," என்றான்.