கம்பெனிக்கு மனம் உண்டா

எங்கள் சட்டக் கல்லூரியில் தமிழில் வாதாடும் மூட் போட்டி நடந்தபோது நான் நான்காம் ஆண்டில் இருந்தேன். நிஜமில்லாத ஒரு வழக்கைக் கொடுத்து, நிஜ நீதிமன்றம் போலவே வாதாடச் சொல்வார்கள். அந்த வருட வழக்கு ஒரு ரசாயன ஆலையைப் பற்றியது. தொட்டி வெடித்துத் தொழிலாளர்கள் இறக்கிறார்கள். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காகக் கம்பெனியின் மீதே போலீஸ் வழக்குப் போடுகிறது. அதை ரத்து செய்யக் கேட்டுக் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கு வருகிறது. குலுக்கலில் எங்களுக்கு எதிர்மனுதாரர் தரப்பு, அதாவது அரசுத் தரப்பு, விழுந்தது. கம்பெனி வாதாடி முடித்த பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்.

வழக்கைப் படித்த அன்றே விலகிவிடலாமா என்று யோசித்தேன். பேரையூர் பக்கம் ஓர் அட்டை மில்லில் என் அப்பா ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தார். நான் பிளஸ் டூ படித்த வருடம் அங்கே பாய்லர் வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டிய வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே அப்பா அதை மேனேஜரிடம் சொல்லியிருந்தார், ஷிப்ட் நோட்டிலும் எழுதியிருந்தார். ஆர்டர் முடியட்டும், பிறகு நிறுத்திப் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னாராம். வெடித்த மறுநாள் அந்த நோட்டு இல்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் போட்ட வழக்கில் குற்றவாளிப் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது, அப்பாவின் பெயர். மேனேஜர் சாட்சி. மில்லின் பெயர் எங்குமே இல்லை.

என்னுடன் வாதாட இருந்தவன் கோச்சடைக்காரன், மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு மட்டும் இது தெரியும். வேண்டாமென்றால் வேறு ஆளைப் போடலாம் என்றான். இரண்டு நாள் கழித்து, நானே பேசுகிறேன் என்றேன். எங்காவது ஓரிடத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

இறுதிச் சுற்றில் மூன்று பேர் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் மதுரையிலேயே பல வருடம் கிரிமினல் வழக்கு நடத்திய மூத்த வழக்கறிஞர். மனுதாரர் தரப்பு மாணவி நன்றாகப் பேசினாள். இந்தக் குற்றத்துக்குச் சட்டம் சிறையும் அபராதமும் சேர்த்தே விதிக்கிறது, கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாது, நிறைவேற்ற முடியாத தண்டனைக்காக வழக்கு நடத்த முடியாது என்றாள். அடுத்து, ஆபத்து தெரிந்தே செய்வதற்கு மனம் வேண்டும், கம்பெனிக்கு மனம் கிடையாது என்றாள்.

முதல் வாதத்துக்கு என் நண்பன் பதில் சொன்னான். சட்டத்தில் ‘நபர்’ என்ற சொல் கம்பெனியையும் குறிக்கும். சிறையும் அபராதமும் சேர்ந்து வரும் குற்றத்திலும் கம்பெனி மீது வழக்கு நடத்தலாம், சிறை சாத்தியமில்லாதபோது அபராதம் மட்டும் விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொல்லியிருக்கிறது. அவன் சீக்கிரமே முடித்துவிட்டான். சட்டம் அவன் பக்கம் தெளிவாக இருந்தது.

மனம் என் பங்கு. கம்பெனியை நடத்துகிறவர்களின் மனமே அதன் மனம் என்று ஆரம்பித்தேன். நடுவில் இருந்தவர் நிறுத்தினார்.

“சூப்பர்வைசருக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனிக்குத் தெரிந்ததாகிவிடுமா?”

“ஆகாது, மாண்பமை நீதிபதி அவர்களே. சூப்பர்வைசரால் ஆலையை நிறுத்த முடியாது. நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகக் குழு ஆலைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறது. தொட்டியைப் பற்றிச் சூப்பர்வைசர் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் அவர் கைக்குப் போயிருக்கிறது. படித்துவிட்டு, ஆலையை ஓட்டு என்றார். அது அவருடைய சொந்த முடிவல்ல, கம்பெனியின் முடிவு.”

“கடிதம் அவரிடம் போனது என்பதற்கு என்ன இருக்கிறது?”

வழக்குக் குறிப்பின் இணைப்பில் ஆலைத் தலைவர் கையெழுத்திட்ட நகல் இருந்தது. பக்க எண்ணைச் சொன்னேன். கற்பனை ஆலையில் அந்தக் காகிதம் பத்திரமாக இருந்தது.

நடுவில் இருந்தவர் விடவில்லை. கம்பெனி அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாளே ஆலையைத் திறக்கும், இறந்தவன் குடும்பத்துக்கு இதனால் என்ன என்று கேட்டார். செய்தது யார் என்று தீர்ப்பில் எழுதப்படும் என்றேன். அது தண்டனையா என்றார். பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

நாங்கள் ஜெயித்தோம். கேடயத்தோடு படமெடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த மூத்த வழக்கறிஞரிடம் போய், அப்பாவின் வழக்கைச் சொன்னேன். இலையை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். விசாரணையில் சாட்சியம் வந்தால் பட்டியலில் இல்லாதவரையும் குற்றவாளியாகச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, கம்பெனிக்கும் அது பொருந்தும், ஆனால் சாட்சியம் வலுவாக இருக்க வேண்டும் என்றார்.

“பேப்பர் ஏதும் இருக்காம்மா?”

“இல்ல சார். நோட்டு போயிருச்சு.”

“கூட வேல பாத்தவங்க சொல்வாங்களா?”

அவர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள் என்றேன். மில் கைமாறி, வேறு பெயரில், அதே ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பாவுக்குத் தண்டனையக் கொறைக்கிற வழியப் பாரும்மா,” என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மில்லையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனு போடலாம் என்றேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“நீ சொல்றது புத்தகத்துல சரியாத்தான் இருக்கும். ஆனா அந்த ரெண்டு பேரும் என் ஷிப்ட்டுலதானம்மா செத்தாங்க. நான் ஓட்ட மாட்டேன்னு வெளிய வந்திருக்கலாம்ல.”

வெளியே வந்திருந்தால் வேறொருவரை வைத்து ஓட்டியிருப்பார்கள் என்றேன். அது தெரியும் என்றார். எனக்காக மனுவில் கையெழுத்துப் போட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

உசிலம்பட்டி நீதிமன்றத்தில் மனு விசாரணைக்கு வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த இருவர் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார்கள். வால்வைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியது தெரியாது என்பதுதான் அவர்கள் சாட்சியம். அதில் ஒருவர் எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தபோது, “பிள்ளைக படிக்குதும்மா,” என்றார். அவர்மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை. எங்கள் வக்கீல் மூட் போட்டியில் நான் பேசியதையே பேசினார். சட்ட நிலையில் சந்தேகமில்லை, சாட்சியம் இல்லை என்று மனு தள்ளுபடியானது.

பிறகு ஒன்றரை வருடத்தில் தீர்ப்பு வந்தது. அப்பாவுக்கு ஒரு வருடச் சிறை. மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். அந்த மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நான் வழக்கறிஞராகிவிட்டேன். வாய்தாவுக்கு அப்பாவை நானே அழைத்துப் போகிறேன்.

தீர்ப்பு நாளில் இறந்தவர்களில் ஒருவரின் மனைவி வந்திருந்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்பாவைப் பார்க்காமல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நீ வக்கீலுக்குப் படிக்கிறேன்னாங்க. மில்லு மேல கேசு எப்ப வருது?”

“மில்லு மேல கேசு இல்லக்கா.”

“அம்புட்டுத்தானா?”

ஆமாம் என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேரையூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.