பெயர் பெரிதாக, ஊர் சிறிதாக

பாவாத்தாள் பாத்திரக்கடை கோவையிலிருந்து உடுமலைக்கும் வெள்ளகோவிலுக்கும் பரவியபோது, போர்டு எழுதுபவரிடம் பாவாத்தாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கடை பேரு பெருசா இருக்கோணுங்க. ஊரு பேரு கீழ சின்னதா. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

பிறகு கிளைகள் மகன்கள் கைக்குப் போயின. உடுமலையில் மூத்தவன் 'கதிரேசன் மெட்டல்ஸ்' என்று மாற்றினான். வெள்ளகோவிலில் இளையவன் 'நியூ ரூபன் மெட்டல்ஸ்' என்று எழுதினான். சீர்ப் பாத்திரம் வாங்க வந்தவர்கள், "ஏனுங்க, பாவாத்தா கடையை மூடிப்போட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். பாவாத்தாள் கத்திப் பார்த்தார். எவன் கேட்டான்?

தொண்ணூற்றேழாம் வருடம் அவர் இறந்தார். மகன்கள் ஆளுக்கொரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். இரண்டிலும் மெட்டல்ஸ்தான் பெரிது. பாவாத்தாள் கீழே, ஊர்ப்பெயர் அளவில் இருந்தார்.