‘நோயாளி நலம்’

வார்டில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் நர்ஸ், ஒரு நோயாளியின் மாவுக்கட்டுப் போட்ட காலின் விரல்கள் நீலம் பாரித்திருப்பதைக் கண்டதும் டாக்டருக்குப் போன் செய்தாள். மாலையில் வருவதாகச் சொன்னார். வேலை நெருக்கடியில் அவள் போன் செய்ததைக் குறிக்காமல், குறிப்பேட்டில் வழக்கம்போல ‘நோயாளி நலம்’ என்று எழுதிவிட்டாள். டாக்டர் வரவில்லை; மறுநாள் அந்த நோயாளியின் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

“நேத்து எழுதின வரிக்கு மேல இடம் இருக்கே அக்கா, போன் பண்ணதைச் சேர்த்துடுங்க” என்றாள் உடன் வேலை செய்யும் நர்ஸ்.

“இன்னைக்கு எழுதினா இன்னைக்குத் தேதிதான் போடணும்டி.”

“அரிச்சந்திரன் பேத்தி!”

அக்கா, தாமதக் குறிப்பு என்று தலைப்பிட்டு, அன்றைய தேதியும் நேரமும் போட்டு நடந்ததை எழுதினாள்.

விசாரணையில் டாக்டர், போனே வரவில்லை என்றார். நோயாளியின் மனைவி பழைய வரியைக் காட்டினாள்.

“என் வீட்டுக்காரர் அன்னைக்கு நல்லாவா இருந்தார், சிஸ்டர்?”

ஓய்வு பெறும்வரை அக்கா ‘நலம்’ என்று எழுதவேயில்லை. கண்டதை மட்டுமே எழுதினாள்.