ஏழரை அடி பேனலும் ஓடாத மோட்டாரும்

மாரமங்கலத்துல ஒரு அக்கா. காப்பித் தோட்டம் அவங்களுது. சில்வர் ஓக் மரம் சாஞ்சு, மோட்டார் ரூம் மேல இருந்த பத்து பழைய சோலார் பேனலும் காலி. தண்ணி ஏறாம வெயில்ல புதுக் காப்பி நாத்து வாடிட்டே இருந்துச்சு. நானும் என் ஃப்ரெண்டும் சோலார் மாட்டற வேலைதான், அதனால எங்களைக் கூப்டாங்க. பேனலை மட்டும் அவங்களே சேலத்துல வாங்கிட்டாங்க.

பேனல் வந்த வண்டிய தொறந்தா ஷாக். ஆறே பேனல். ஒவ்வொண்ணும் ஏழரை அடி, கதவு மாதிரி!

"ஏனுங்க கண்ணு, முன்னூத்தி முப்பது வாட் பத்து, ஐநூத்தம்பது வாட் ஆறு, ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னாங்க அக்கா.

கணக்கு கரெக்ட். சைஸப் பாத்துதான் பயம்.

டெக்னாலஜி முன்னேறிருச்சு, சின்னதா வரும்னுதான் எல்லாரும் நெனைப்போம். பேனல்ல கட்டம் கட்டமா இருக்கற செல்லு முன்னேறிருக்கு, ஓகே. ஆனா உள்ள இருக்கற செல்லே சைஸு பெருசாயிருச்சு, அதான் பேனலும் பெருசு. ஒண்ணு இருவத்தெட்டு கிலோ. காப்பிச் செடி நடுவுல ரெண்டு பேர் சைடுல புடிச்சுத் தூக்கறப்ப காத்து வேற தள்ளுது. தோட்டத்துல வேலை பாக்கற ஒரு அண்ணன் தலையில வெக்கப் பாத்தாரு. "அண்ணா வேணாங்ணா! நடுவுல வளைஞ்சா உள்ள செல்லு விரிசல் விடும், வெளிய தெரியாது!"ன்னு கத்துனேன்.

கூரைச் சரிவு பதினாலடி. பழச நெட்டுக்குத்தா ரெண்டு வரிசை வெச்சா பதிமூணடி. இது பதினஞ்சு. வெளிய நீட்டிட்டு நின்னா காத்துல போயிரும். குறுக்கா படுக்க வெச்சோம், ரெண்டு ரெண்டா மூணு வரிசை. ஃபிட்!

"மச்சி, நாம வேற லெவல்"ன்னான் ஃப்ரெண்டு.

சுவிட்ச போட்டோம். மோட்டார் அசையல. நல்ல வெயில், வயர் எல்லாம் ஓகே. பம்ப ஓட்டற டிரைவ் பெட்டில பாத்தா எறநூத்தி நாப்பது வோல்ட்தான் வருது. அதுக்கு எறநூத்தி எம்பதாவது வேணும். செல்லு பெருசானா கரண்ட்டு ஏறும், வோல்ட்டேஜ் பெருசா ஏறாது. பழசு ஒண்ணுக்கு முப்பத்தேழு வோல்ட், புதுசு நாப்பத்தொண்ணு, அவ்ளோதான். பத்தை ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்தப்ப வந்த வோல்ட்டேஜ் ஆறுல எப்டிங்க வரும்? வாட்டு ஒண்ணுதான், ஆனா பெட்டி அதைப் பாத்து ஸ்டார்ட் ஆகாது.

"அப்ப என் நாத்து?"ன்னாங்க அக்கா.

ஏழுன்னா விளிம்புல நிக்கும், எட்டு பேனல் வேணும். பெட்டி தாங்கற அளவுக்கு எட்டு சேஃப். ஆனா நாலாவது வரிசை கூரைல ஏறாது. சுத்திப் பாத்தேன். காப்பி காயப்போடற களம்! நெழலே இல்ல.

"அதுல வெச்சா காப்பி எங்க கண்ணு காயப்போடறது?"

"ஓரமாத்தாங்க்கா."

மறுநாள் அதே மாடல் ரெண்டு வந்துச்சு. களத்து ஓரத்துல ஸ்டாண்டு அடிச்சு, கூரை பாக்கற அதே திசை, அதே சாய்வுல வெச்சோம். ஒரே கோர்வைல ஒண்ணு மட்டும் வெயில் கம்மியா வாங்குனா மொத்தத்தையும் கீழ இழுத்துரும்.

சுவிட்ச். மோட்டார் ஒறுமுச்சு. பைப்புல மொதல்ல காத்து, அப்றம் கலங்கல், அப்றம் தண்ணி.

அக்கா எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஹோஸ தூக்கிட்டு நாத்துப் பக்கம் ஓடிட்டாங்க.