தலைகீழ் டையோடு

பாலிடெக்னிக்கின் மின்னணு ஆய்வகத்தைப் பதினோரு வருடமாக ஆண்டுவந்த பயிற்றுநருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘மல்டிமீட்டர்’. அந்தச் சோதனைக் கருவி போலவே, எதைத் தொட்டாலும் குறை காட்டுவாராம். சுவரில் தொங்கிய பிரிட்ஜ் ரெக்டிஃபையர் படம் அவர் கையால் வரைந்தது. மேலே, உள்ளே போகும் மாறுமின்னோட்டம் கோட்டுக்கு மேலும் கீழுமாக நெளியும். நடுவில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் நான்கு டையோடுகள், அரைச்சுற்றுக்கு இரண்டிரண்டாக மாறி மாறி வழிவிடும். அதனால் கீழே, வெளியே வரும் அலையில் பள்ளமெல்லாம் மேடாகி, எல்லாம் கோட்டுக்கு மேலேயே துடிக்கும்.

செய்முறைத் தேர்வில் ஒரு மாணவி அந்தப் படத்தில் இருந்தபடியே இணைத்தாள். ஸ்விட்சைப் போட்டதும் ஃபியூஸ் போயிற்று.

“கண்ணை எங்க வச்சிருக்க? ஒரு டையோடு தலைகீழா இருக்கு!” என்று எல்லார் முன்பும் காய்ச்சி எடுத்து, இருபதுக்கு நான்கு போட்டார்.

அறை காலியான பிறகுதான் படத்தைப் பார்த்தார். அதிலேயே ஒரு டையோடு தலைகீழ். அப்படி இருந்தால் ஓர் அரைச்சுற்றில் மின்சாரம், அதைப் பயன்படுத்தும் லோடுக்குப் போகாமல் குறுக்கே பாய்ந்துவிடும். கீழே அலை மட்டும், மனப்பாடத்தில் வரைந்ததால், கொஞ்சமும் வெட்கமில்லாமல் சரியாக இருந்தது. இத்தனை வருடமும் அவர் படத்தை மதிக்காதவர்களே தேறியிருக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பின் முன் நின்று சொன்னார். “தப்பு என்னுதும்மா. மார்க்கைத் திருத்திட்டேன்.”

“எனக்கும் சந்தேகம் வந்துச்சு சார். நீங்க வரைஞ்சதாச்சேன்னு அப்படியே போட்டுட்டேன்.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.