முப்பத்துநான்கு நடப்பு

மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அழுகை வரவில்லை, பசி வந்தது, தூக்கம் வந்தது. காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் பாதிரியார் ஆவதற்காக ஏழு வருடம் குருமடத்தில் லத்தீன் படித்து, பாதியில் வெளியே வந்தவன். பிறகு பூசையே லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிவிட்டது. என் லத்தீன் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

கல்தச்சர் மட்டும் வாரம் ஒருமுறை வந்து நிற்பார். "வீட்டம்மாவுக்குக் கல்லறைக் கல்லு ரெடியா இருக்குதுபா. என்னா எழுதணும்னு சொல்லு."

"அடுத்த வாரம்" என்பேன். அவருக்கு என்ன, எழுதிக்கொடுத்தால் வெட்டுவார். எனக்குத்தான் கை ஓடவில்லை.

அப்படியொரு நாள் அரக்கோணத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி வந்தாள். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். வம்ச வரலாறு எழுதுகிறாளாம். என் லத்தீனைப் பற்றி யாரோ பங்குச் சாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். எங்கோ வெளியூரில் ஒரு பழைய கல்லறை. உச்சி வெயிலில் எடுத்த புத்திசாலி யாரோ, எழுத்தெல்லாம் நிழலில்லாமல் மழுங்கிப்போயிருந்தது. பக்கத்துப் பட்டுக் கடையில் இழை எண்ணும் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கி வந்து குனிந்தேன்.

"எங்க தாத்தா பேருதான் சார் இருக்குது. எங்க அப்பா ஆறு மாசக் கொழந்தையா இருக்கசொல்ல வேலை தேடிப் போனவரு, திரும்பவேயில்ல. பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு ஓடிப்போனவன்னே பேரு. பாட்டி சாகற வரைக்கும் அந்தப் பேச்ச கேட்டுக்கினே இருந்தாங்க. ஆனா வயசு ஒத்து வரல. அதே பேருல தாத்தாவுக்கு ஒரு பெரியப்பன் மகனும் இருந்தாரு. அவரு கல்லுன்னு சொல்றாங்க."

ஒவ்வொரு வரியாக விரித்துத் தட்டச்சு செய்தேன். தலையில் D.O.M. தேயோ ஒப்திமோ மாக்சிமோ: எல்லாரினும் நல்லவரும் பெரியவருமான கடவுளுக்கு. HIC JACET, இங்கே கிடக்கிறார். அடுத்து பெயர். OB. என்றால் ஓபியித், இறந்தார். DIE XII MENS. AUG., ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் நாள். A.D. MDCCCLXII: M ஆயிரம், D ஐந்நூறு, மூன்று C முந்நூறு, L ஐம்பது, X பத்து, இரண்டு கோடு. 1862. பிறகு AN. AET. SUAE XXXIV.

"அதான் சார் ஒதைக்குது. முப்பத்திநாலு வயசு. அறுபத்திரண்டுல முப்பத்திநாலு போனா இருபத்தெட்டு. எங்க தாத்தா பொறந்தது இருபத்தொம்பது, மார்ச்சு மாசம். ஞானஸ்நானப் பொஸ்தகத்துல நானே பாத்துட்டேன்."

"முப்பத்துநாலு வயசுன்னு யாரு சொன்னது? ஆன்னோ ஏத்தாதிஸ் சூவே. தன் வயசின் முப்பத்துநாலாவது வருஷத்தில். நம்ம ஜோசியர் சொல்றாரே, நடப்பு வயசு, அதே. முடிஞ்சது முப்பத்துமூணு. மார்ச்சுல முப்பத்துநாலு ஆரம்பிச்சிருக்கு, ஆகஸ்டுல போயிட்டார். ஒரு வருஷம் இடிக்காது டீச்சர், சரியா உட்காருது."

அவள் விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "அப்ப அந்தப் பெரியப்பன் மகன்?"

"அவர் எப்போ பிறந்தார்?"

"இருவத்திநாலு."

"அப்படீன்னா அவருக்கு முப்பத்தேழோ முப்பத்தெட்டோ முடிஞ்சிருக்கும். இந்தக் கல் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது."

கடைசி வரி AMICI P.C. ஆமிச்சி போனெந்தும் கூராவெருந்த்: நண்பர்கள் இதை நடச்செய்தார்கள். அதன் கீழ் R.I.P., ரெக்குவியெஸ்காத் இன் பாச்சே, அமைதியில் இளைப்பாறுவாராக.

"பொண்டாட்டி வைக்கல, புள்ள வைக்கல. வெளியூர்ல கூட இருந்தவங்க வச்சிருக்காங்க. வீட்டுக்கு சேதி வந்து சேரலை போலிருக்கு, டீச்சர். அவர் ஓடலை. செத்துட்டார்."

செத்துட்டார் என்றதற்கு அவள் சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நூறு வருஷத்துக்கு முந்தின மனிதனுக்கு அவளால் அழ முடிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

போகும்போது கேட்டாள். "உங்க வீட்டம்மாவுக்கு நீங்களே லத்தீன்ல எழுதியிருப்பீங்க, இல்ல?"

ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே கல்தச்சர் பட்டறைக்குப் போனேன். தமிழில்தான் எழுதிக்கொடுத்தேன், பெயரும் வயதும் மட்டும். அவர் தாளைப் பார்த்தார்.

"நாப்பதுன்னு இல்ல சொன்னே? இதுல நாப்பத்தொண்ணுன்னு இருக்குதே."

"நாற்பத்தொன்று நடப்பு."

"எத்தினி நாள் நடந்துது?"

"பதினோரு நாள்." அவ்வளவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். பிறந்த நாளன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு இருந்திருக்கும், சொல்லவில்லை.

"பதினோரு நாளுக்கு ஒரு வருசமாபா?"

"போடுங்க" என்றேன். அவர் சுண்ணக்கட்டியால் கல்லில் நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.