ஸ்டூலுக்கு முன்னால் ஒரு நிமிடம்

எங்கள் அரசு விழாப் பிரிவில் அவருக்கு ஒத்திகை அக்கா என்று பெயர். நினைவு நாள் நெருங்கினால் அலுவலகத்துப் பின்முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதுதான் பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை என்பார். பழைய ஸ்கூட்டர் டயர்தான் மலர்வளையம். அதிபராக அவரே நடப்பார். மலர்வளையம் வைக்க வரும், போரில் பிள்ளையை இழந்த தாயாகவும் அவரே நடப்பார். நான் மைக்செட்காரன். எனக்கு இந்த ஆடம்பரமெல்லாம் அறவே ஆகாது. வயிற்றுப்பாட்டுக்காக ஒயர் இழுக்கிறேன், அவ்வளவுதான்.

"என்னக்கா, இது விழாவா பூஜையா?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"பூஜைதான்டா. அணையாத நெருப்பு, பூ, தலை குனியறது, முதுகு காட்டாம பின்வாங்கறது, வாயைத் திறக்காம நிக்கறது எல்லாமே கோயில்ல கடன் வாங்கினது. சாமிய மட்டும் வாங்கல. அந்த இடத்துல பேர் தெரியாத ஒருத்தனப் படுக்க வெச்சிருக்கோம்."

அணையாத நெருப்பு என்பது அடியில் ஓடும் கேஸ் குழாய். பெரிய சுடர் காற்றில் அணைந்தால் பக்கத்துச் சிறு சுடர் அதை மறுபடி பற்ற வைக்கும். உள்ளே கிடப்பவன் கதையும் அக்காவுக்கு அத்துப்படி. போர் முடிந்ததும் அடையாளம் தெரியாத நான்கு உடல்களை ஒரேமாதிரிப் பெட்டிகளில் வைத்தார்கள். ஒரு சிப்பாய் ஏதோ ஒன்றின் மேல் பூவை வைத்தான். அந்தப் பெட்டி கல்லுக்கடியில் போனது. எந்த ஊரில் எடுத்த உடல் என்ற குறிப்பைக் கொளுத்திவிட்டார்கள். யாரென்று தெரிந்துவிட்டால் அவன் ஒரு வீட்டுப் பிள்ளையாகிவிடுவான். தெரியாதவரை எல்லா வீட்டுக்கும் பிள்ளை.

அக்காவின் தம்பியும் அந்தப் போருக்குப் போனவன்தான். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அவர்கள் அம்மா இன்றைக்கும் அவன் கட்டிலுக்குப் படுக்கை விரிப்பு மாற்றுகிறார். இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை.

அந்த அம்மாவைத்தான் எங்கள் துறைச் செயலர் ஒரு வருடம் மலர்வளையத்துக்குத் தேர்ந்தெடுத்தார். அக்கா கொதித்துப்போனார்.

"வேணாம் சார். பூ வெச்சா செத்துட்டான்னு அர்த்தம். எங்கம்மா தாங்க மாட்டாங்க."

"அவங்களையே கேளுங்களேன்" என்றார் செயலர்.

கேட்டபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "உள்ள இருக்கறது யாரு?"

"யாருக்கும் தெரியாதும்மா. தெரியக்கூடாதுன்னே அப்படிப் பண்ணிட்டாங்க."

"அப்ப நம்ம பிள்ளைன்னு நீயும் சொல்ல முடியாதுல்ல? நான் வரேன்."

நினைவு நாளன்று அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா அழுது விழுந்தால் என்ன, பாதியில் திரும்பி நடந்தால் என்ன என்று பதறிக்கொண்டிருந்தார். இரண்டு வீரர்கள் மலர்வளையத்தைத் தூக்கி வந்து கல்லில் சாய்த்தார்கள். தாய் செய்ய வேண்டியது வளையத்தில் கட்டிய நாடாவை நீவிவிட்டு, கல்லைப் பார்த்தபடியே மூன்றடி பின்வாங்குவது. அப்புறம் ஊதுகொம்பு, மௌனம். கொம்பின் ஒலிக்காகக் கல்லருகே மைக் திறந்தே இருந்தது.

அம்மா நாடாவை நீவினார். பின்வாங்கவில்லை. குனிந்து, கல்லிடம் பேசினார்.

"நீ யார் பெத்த பிள்ளையோப்பா. உங்கம்மாவுக்கு நீ இங்க இருக்கறது தெரியாது. அதான் நான் வந்தேன். என் பிள்ளையும் எங்கயாவது இருந்தா, அவனயும் யாராச்சும் ஒருத்தி போய்ப் பாக்கட்டும்."

முதல் வார்த்தையிலேயே என் கை மைக்கை அணைக்கப் போயிற்று. அக்காவைப் பார்த்தேன். உள்ளங்கையைக் காட்டி, விடு என்றார். மைதானம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு மௌனத்துக்கு யாரும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. இந்த ஆடம்பரம் பிடிக்காத நான் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

அடுத்த வருடம் செயலர் அந்த வார்த்தைகளை அழகாக டைப் அடித்துக் கொண்டுவந்தார். இனி வருடா வருடம் வருகிற தாய் அதையே ஒப்பிக்க வேண்டுமாம்.

"மந்திரமாக்கிடாதீங்க சார்" என்றார் அக்கா. "ஒரு நிமிஷம் குடுங்க. அந்தத் தாய் என்ன பேசணுமோ பேசட்டும். மைக் வேணாம்."

செயலர் முனகினார். ஆனால் அக்கா வைத்ததுதான் சட்டம். நிகழ்ச்சிக் குறிப்பில் அந்த ஒரு நிமிடம் ஏறியது.

மறுநாள் ஒத்திகை. வழக்கம்போலத் தாய் வேடம் அக்காவுக்கு. டயரை ஸ்டூலில் சாய்த்தார். இல்லாத நாடாவை நீவினார்.

"மைக்க அணைச்சிட்டியா?" என்று திரும்பாமல் கேட்டார்.

"அணைச்சிட்டேங்க்கா."

ஒத்திகையில் அந்த ஒரு நிமிடத்துக்குச் சும்மா நின்றால் போதும். அக்கா சும்மா நிற்கவில்லை. ஸ்டூலுக்கு முன்னால் குனிந்தார். அவர் உதடு அசைந்தது. தம்பியை நினைத்து அவர் உருகிப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. அம்மா இல்லாத இடத்தில்தான் அவரால் அழ முடிந்தது போல. நிமிடம் முடிந்ததும் மூன்றடி பின்வாங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், அடுத்து கொம்பு" என்றார்.